‘நைட்மேர்’ லெவலில் என்ன மாறுகிறது?

வீடியோ கேமில் ‘ஹார்டு’ லெவல் என்றால் எதிரிக்கு உயிர் கூடும், அவன் அடி பலமாக விழும், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பல கேம்களில் அது உண்மையும்கூட.

ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தரமான ‘அடெப்ட்’ லெவலில் உங்கள் வாள்வெட்டு 20 புள்ளி சேதம் செய்கிறது, எதிரியின் உயிர் 100 என்று வைத்துக்கொண்டால், ஐந்து வெட்டில் ஆள் காலி. உச்ச லெவலான ‘லெஜண்டரி’யில் உங்கள் அடி கால் பங்காகிவிடும், அதே எதிரிக்கு இருபது வெட்டு வேண்டும். அவன் உங்கள் மேல் போடும் அடியோ மூன்று மடங்கு. ஆனால் அவன் பாய்ந்து வரும் விதமும் வாளை ஓங்கும் விதமும் பழையபடியேதான். இதில் கஷ்டத்தைவிட சலிப்புதான் அதிகம் என்பது என் கருத்து.

ஐடி சாஃப்ட்வேர் 1993-ல் வெளியிட்ட டூம் வேறு வழியில் போனது. அதில் லெவலை ஏற்றினாலும் எந்த அரக்கனின் உயிரும் கூடாது. நெருப்புருண்டை வீசும் ‘இம்ப்’புக்கு எங்கேயும் 60 தான். கீழ் லெவல்களில் அரக்கர்கள் குறைவாக இருப்பார்கள். ஆகக் கீழ் லெவலில் உங்கள் மேல் விழும் அடியும் பாதியாகும். 1994-ல் சேர்க்கப்பட்ட ஐந்தாவது லெவல்தான் ‘நைட்மேர்’. நான்காவதோடு ஒப்பிட்டால், அங்கே அரக்கர்களின் எண்ணிக்கையும் உயிரும் அடியின் பலமும் அப்படியே இருக்கின்றன. மாறுவது நடத்தை.

மற்ற லெவல்களில் இம்ப் ஓர் உருண்டையை வீசியதும் சற்று நகர்ந்துவிட்டுத்தான் அடுத்ததை வீசும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் மறைவிலிருந்து வெளியே வந்து சுடுவீர்கள். நைட்மேரில் அந்தக் கட்டாய இடைவெளி கிடையாது. வீசிய கையோடு மறுபடி வீசலாம். உருண்டையின் வேகமும் இரட்டிப்பு. முன்பு ஒன்றரை வினாடியில் உங்களை எட்டியது இப்போது முக்கால் வினாடியில் வந்துவிடும். பார்த்து விலகுவதற்கு நேரமில்லை, எங்கிருந்து வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம், செத்தது எழுந்துவிடும் என்பது. குறைந்தது 12 வினாடி கழிந்தபின் எப்போது வேண்டுமானாலும், அது முதலில் நின்ற இடத்திலேயே மறுபடி தோன்றும். ஆக, ஓர் அறையைச் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக அடுத்த அறைக்குப் போகலாம் என்ற கணக்கே செல்லாது. எடுக்கும் தோட்டாக்கள் இரு மடங்காகக் கிடைக்கும், ஆனால் எல்லோரையும் சுட்டுக்கொண்டிருந்தால் அவையும் போதாது. யாரைச் சுடுவது, யாரை விட்டுவிட்டு ஓடுவது என்று வழி நெடுக முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் விளையாடும் கேமையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரே சண்டையை இரண்டு லெவல்களில் ஆடுங்கள். பழைய உத்தியே பலித்து, நேரம் மட்டும் கூடினால் மாறியது எண்தான். உத்தியையே மாற்ற வேண்டி வந்தால் எதிரியின் நடத்தை மாறியிருக்கிறது. அந்த லெவலுக்கு உங்கள் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.