ஒரே கருவி, ஒரே நேரம், ரெண்டு பேர் புக்கிங்... தடுப்பது எப்படி?

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே ஒரு யூவி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். கேட்பதோ நாலு பேராசிரியர்களின் மாணவர்கள். கூகுள் காலண்டரை எல்லோருக்கும் ஷேர் பண்ணியாச்சு. அப்புறமும் ஏன் 11 மணிக்கு ரெண்டு பேர் வந்து நிற்கிறாங்க?

காரணம் என்ன?

ஷேர் செய்த காலண்டர் வெறும் அறிவிப்புப் பலகை மாதிரிதான். 11 மணியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தாலும், அதே நேரத்தில் இன்னொருவர் பதிவு செய்வதை அது தடுக்காது. ரெண்டு பதிவும் பக்கத்துல பக்கத்துல நிற்கும்.

என்ன செய்யலாம்?

கருவிக்கென்றே ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்க. பாஸ்வேர்டு ஆய்வகப் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். கணினியில் காலண்டரைத் திறந்து, Create பட்டனில் Appointment schedule என்பதைத் தேர்வு செய்யுங்க. இலவசக் கணக்கிலேயே இப்படி ஒரு புக்கிங் பக்கம் கிடைக்கும். அதன் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். ஒருவர் 11 மணியை எடுத்ததும், மற்றவர்களுக்கு அந்த நேரம் பக்கத்திலேயே தெரியாது.

ஒரு ஸ்லாட் 1 மணி நேரம் என்றால், Buffer time-ல் 15 நிமிடம் வையுங்க. குவெட்டைக் கழுவி வைக்க அந்த இடைவெளி வேணும். சர்வீஸ் நாளைக் குறிக்கும்போது Busy என்று மாற்ற மறக்காதீங்க. Free என்று இருந்தால், சர்வீஸ் நாளிலும் புக்கிங் விழும்.

புக் பண்ணிட்டு வராதவர்களை என்ன செய்வது?

வர முடியாதவர், தனக்கு வந்த மெயிலில் இருந்தே ரத்து செய்யலாம். அந்த நேரம் மறுபடி பக்கத்தில் தெரியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. Scheduling window-ல் குறைந்தபட்சம் 4 மணி நேரத்துக்கு முன்பே புக் செய்யணும் என்று இருந்தால், காலை 9 மணிக்கு ரத்தான 11 மணி ஸ்லாட்டை யாராலும் எடுக்க முடியாது. அதைக் குறைச்சு வையுங்க.

சொல்லாமலே வராமல் இருப்பவரை காலண்டரால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆள்தான் வேணும். ஜிஎஸ்டி சாலை நெரிசலை யோசித்து 15 நிமிடம் பொறுக்கலாம். 11.15-க்கும் ஆள் வரலைன்னா, பொறுப்பாளர் குழுவில் 'கருவி காலி' என்று போடணும். தொடங்கிவிட்ட ஸ்லாட் புக்கிங் பக்கத்துக்குத் திரும்ப வராது. ரெண்டு முறை வராதவருக்கு அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு என விதி வைத்தால், பெயருக்குப் புக் செய்வது குறையும்.

அந்தக் கருவியே இல்லையா?

மற்ற நிறுவனங்களின் கருவிகளைத் தேடிப் புக் செய்ய, மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கு. 2020 ஜனவரியில் பெங்களூரு அறிவியல் மாநாட்டில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தது இது.