கையெழுத்து ஒருவருடையது, ஒப்புதல் ஐவருடையது

திருப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பின்னலாடைக் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நிதிக் குழுவில் ஐந்து இயக்குநர்கள். தலைவர் திருப்பூரில் இருக்கிறார். மற்ற நால்வரும் சென்னை, துபாய், சிங்கப்பூர், டொரன்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். 2025 ஜூன் 5, மாலை 6.30-க்கு வீடியோவில் கூட்டம். டொரன்டோக்காரருக்கு அது காலை 9 மணி, சிங்கப்பூர்க்காரருக்கு இரவு 9. வங்கியிடம் 45 லட்ச ரூபாய் கூடுதல் கடன் வாங்கத் தீர்மானிக்கிறார்கள். கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மினிட்ஸ்தான் முடியாது.

இங்கே பெரும்பாலான கம்பெனிகள் செய்கிற முதல் காரியம், ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்க அலைவது. துபாய்க்காரர் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, போனில் படமெடுத்து அனுப்புவார். சிங்கப்பூர்க்காரர் தன் கையெழுத்துப் படத்தை பி.டி.எஃப்.பில் ஒட்டுவார். டொரன்டோக்காரர் கனடா குடிமகன். அவரிடம் ஆதார் இல்லை; ஆகவே ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் செய்ய வழியில்லை. அவருக்காக எல்லாம் நிற்கும்.

இந்த அலைச்சல் தேவையே இல்லை. கம்பெனிச் சட்ட விதிப்படி மினிட்ஸில் கையெழுத்திட வேண்டியவர் ஒரே ஒருவர்: அந்தக் கூட்டத்தின் தலைவர், அல்லது அடுத்த கூட்டத்தின் தலைவர். மற்றவர்கள் தர வேண்டியது ஒப்புதல். அதற்கு ஆதாரும் வேண்டாம், டிஜிட்டல் சான்றிதழும் வேண்டாம். எழுத்துமூலம் ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும். கையெழுத்தையும் ஒப்புதலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

இந்திய கம்பெனி செகரட்டரிகள் நிறுவனம் வகுத்த எஸ்.எஸ்.-1 விதிமுறை ஒப்புதலுக்கான கணக்கைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவை எல்லா உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும், கூட்டத்துக்கு வராதவர் உட்பட. அனுப்பிய நாளிலிருந்து 7 நாளுக்குள் அவர்கள் திருத்தம் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே பொருள். 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட வேண்டும். மௌனமும் சம்மதம் ஆகிறது என்பதால், பதில் வந்ததற்கான சான்றைவிட வரைவு போய்ச் சேர்ந்ததற்கான சான்றுக்கு மதிப்பு அதிகம். எந்த முகவரிக்கு, எந்த நேரத்தில், எந்தக் கோப்பு போனது? இது கையில் இல்லாவிட்டால், “எனக்கு வரவே இல்லை” என்று ஒருவர் சொன்ன நிமிடத்தில் அந்த மௌனத்துக்கு மரியாதை போய்விடும்.

நம் கதையில் வரைவு ஜூன் 16 அன்று போகிறது. அன்று மாலையே துபாயிலிருந்து “ஓகே, அப்ரூவ்டு” என்று பதில். மறுநாள் சிங்கப்பூர்க்காரர் கண்ணில் ஒரு பிழை படுகிறது. 45 லட்சம் என்பது 40 லட்சம் என்று தட்டச்சாகியிருக்கிறது. செகரட்டரி திருத்துகிறார். பழைய பெயரிலேயே கோப்பைச் சேமித்து, மறுபடி அனுப்புகிறார்.

இப்போது துபாய்க்காரரின் ஓகே எதற்கு? அவர் பார்த்தது 40 லட்சம். புத்தகத்தில் ஏறப்போவது 45 லட்சம். கோப்பின் பெயரோ இரண்டுக்கும் ஒன்று. மூன்று வருடம் கழித்து அவருக்கும் கம்பெனிக்கும் மனக்கசப்பு வந்தால், “நான் ஒப்புக்கொண்டது வேறு தொகை” என்று அவர் சொல்வது பொய்யும் ஆகாது.

இதற்குப் பரிகாரம் ஹாஷ். ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்துகளில் தருகிற முத்திரை அது. ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். விண்டோஸ் கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். கட்டளைத் திரையில் இதைத் தட்டினால் போதும்:

```
certutil -hashfile Minutes-V2.pdf SHA256
```

வரும் வரியை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி, “இந்த ஹாஷ் உள்ள வரைவு 2-க்கு உங்கள் ஒப்புதல் தேவை, 40 லட்சம் என்றிருந்தது 45 லட்சம் ஆகியிருக்கிறது” என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சலிலேயே பதில் போடச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தால், அது எந்த வரைவுக்கு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7 நாள் கணக்கு ஜூன் 23-ஆம் தேதியோடு முடிகிறது. டொரன்டோக்காரர் அன்று இரவு 10 மணிக்குத் தன் திருத்தத்தை அனுப்புகிறார். இங்கே அப்போது 24-ஆம் தேதி காலை 7.30. தாமதமா, இல்லையா? தாமதமாக வந்ததை ஏற்கலாமா என்று முடிவு செய்ய தலைவருக்கு போர்டு அதிகாரம் கொடுத்திருந்தால் அவர் ஏற்கலாம். கொடுத்திருக்கிறதா என்று தேடுவதைவிட, வரைவு அனுப்பும்போதே “ஜூன் 23, இந்திய நேரம் இரவு 11.59 வரை” என்று எழுதிவிடுவது சுலபம்.

அடுத்தது தலைவரின் கையெழுத்து. மினிட்ஸ் மின்வடிவில் இருந்தால் அவர் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். யு.எஸ்.பி. டோக்கனைச் செருகி, பின் எண்ணைத் தட்டி பி.டி.எஃப்.பில் கையொப்பமிட்டால், அந்தக் கோப்பின் ஹாஷோடு அது பிணைந்துவிடுகிறது. பிறகு அக்ரோபேட்டில் திறந்து பார்த்தால் `Document has not been modified since this signature was applied` என்று தெரியும். அதோடு பலர் பார்க்காமல் விடுகிற இன்னொரு வரியும் வரலாம்: `Signing time is from the clock on the signer's computer`. அதாவது, திரையில் தெரிகிற நேரம் அவருடைய கணினிக் கடிகாரம் சொன்னது. கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தால் அதுவும் தள்ளித்தான் சொல்லும். கையொப்பமிட்ட நேரத்தை நிரூபிக்க வேண்டுமானால் நேரமுத்திரைச் சேவை வழியாகக் கையொப்பமிடுவதே சரி.

கையொப்பமான கோப்பை அச்சடித்தாலோ, ஸ்கேன் செய்தாலோ, ‘பிரின்ட் டு பி.டி.எஃப்.’ கொடுத்தாலோ மிஞ்சுவது வெறும் படம். கையொப்பம் மூலக் கோப்பில் மட்டும்தான் இருக்கும். அதனால் மூலக் கோப்பையும், வரைவுகளையும், போன மின்னஞ்சலையும், வந்த பதில்களையும் ஒரே இடத்தில், மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வழக்கு வந்தால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஹாஷ் மதிப்பையே கேட்கிறது. அன்றைக்கு எழுதி வைத்த ஹாஷ் இருந்தால், பல வருடம் கழித்து எடுக்கிற ஹாஷோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஓட்டை விழுகிற இடம் ஒன்று உண்டு. பல கம்பெனிகளில் தலைவரின் டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கும், பின் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு சுற்றப்பட்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்ய வசதியாம்! அந்த டோக்கனால் விழும் கையொப்பம் கணிதப்படி குற்றமற்றது. எந்த மென்பொருளும் அதைச் சந்தேகிக்காது. தலைவர் விமானத்தில் பறந்துகொண்டிருந்த நேரத்தில் கையொப்பம் விழுந்திருக்கிறதே என்று யாராவது பயணச் சீட்டைக் காட்டினால்தான் விஷயம் வெளியே வரும். சாவியைத் தன் வசத்தில் வைத்திருப்பது கையொப்பதாரரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. மினிட்ஸைத் திருத்தி மோசடி செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறையும், 25 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நீங்கள் ஒரு கம்பெனியில் இயக்குநராக இருந்தால், உங்கள் டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். உங்களிடம் இல்லையென்றால் வாங்கி வந்து, முதல் வேலையாகப் பின் எண்ணை மாற்றுங்கள்.