ஏழு கிலோ பைக்கு எதை எடுப்பது?

ஒரு வியாபாரியின் பை 7 கிலோ தாங்கும். வெண்கலப் பானை 5 கிலோ, லாபம் 600 ரூபாய். பித்தளை விளக்கு 4 கிலோ, 440. செம்புக் குடம் 3 கிலோ, 330. எதையும் உடைத்து எடுக்க முடியாது. முழுசாக எடுக்கணும், இல்லை விடணும்.

கிலோவுக்கு அதிக லாபம் பானையில்தான். அதை எடுத்தால் மிச்சம் 2 கிலோ வீண். லாபம் 600 மட்டுமே.

டைனமிக் புரோகிராமிங் முறையில், 0 முதல் 7 கிலோ வரை ஒவ்வொரு எடைக்கும் ஒரு கட்டம் போட்டு, அதுவரை கிடைத்த அதிகபட்ச லாபத்தை எழுதுகிறோம். பானையும் விளக்கும் முடிந்ததும் 4-ஆம் கட்டத்தில் 440, 7-இல் 600. அடுத்து குடம்: விட்டால் 600, எடுத்தால் 330-உடன் மிச்சமுள்ள 4 கிலோவின் 440 சேர்ந்து 770. பெரியது 770; விளக்கும் குடமும்தான் விடை.

ஒரே வரிசையில் எழுதினால் 7-இலிருந்து கீழ்நோக்கி நிரப்ப வேண்டும். மேல்நோக்கிப் போனால் 3-இல் புதிதாக எழுதிய 330-ஐ 6 மறுபடி எடுத்துக்கொண்டு 660 காட்டும். இருப்பது ஒரே குடம், கணக்கில் இரண்டு! சரியான விடை அங்கே 600.

எடை வரம்பு பல கோடியானால் கட்டங்களும் அத்தனை கோடி. அப்போது இம்முறை திணறும்.