குடும்ப மருத்துவரின் கடிதத்தில் நாங்கள் எதைத் தேடுகிறோம்?

சிறுநீரக மருத்துவரிடம் போகுமாறு குடும்ப மருத்துவர் கடிதம் எழுதித் தந்தால், அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாக உறங்குவதில்லை. அண்மையில் எங்களிடம் வந்த 58 வயது நோயாளியின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வழியிலேயே கடிதத்தைப் பிரித்துப் பார்த்த அவருடைய மகள், 'இ.ஜி.எஃப்.ஆர். 36' என்ற வரியைக் கண்டு, "அப்பாவுக்குச் சிறுநீரகம் 36 சதவீதம்தான் வேலை செய்கிறதா? டயாலிசிஸ் தேவைப்படுமா, டாக்டர்?" என்று நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்டார். நாங்களோ அந்த 36-ஐவிட, அதற்குக் கீழே இருந்த வரிகளையே முதலில் படித்தோம். ஏன் என்பதை அவர் அனுமதியோடு இங்கே விளக்குகிறோம்.

இ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் இரத்தநீரை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு. இதை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஆய்வகம் கணக்கிடுகிறது. இளமையில் இது 100-ஐ ஒட்டி இருப்பதால் பலர் இதைச் சதவீதம் என்று கருதிவிடுகிறார்கள். தோராயமான புரிதலுக்கு அது உதவலாம். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: கிரியாட்டினின் சில நாட்களாக நிலையாக இருக்க வேண்டும். அது ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் வேளையில் எடுத்த ஓர் எண்ணை நம்பி எதையும் தீர்மானிக்க இயலாது. ஆகவேதான் பழைய எண்கள் எங்களுக்குத் தேவைப்படுகின்றன.

அந்தக் கடிதத்தை எழுதிய மருத்துவர் அவற்றைத் தேதிவாரியாக எழுதியிருந்தார். 2021-இல் கிரியாட்டினின் 1.1, இ.ஜி.எஃப்.ஆர். 80. 2023-இல் 1.2, 71. 2024-இல் 1.4, 59. இப்போது 2.1, 36.

இந்த நான்கு வரிகளில் இரண்டு வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. முதல் மூன்று ஆண்டுகளில் 80 என்பது 59 ஆனது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு புள்ளிகள் வீதம். நடுவயதுக்குப் பின் வயதினால் மட்டும் ஏற்படும் குறைவு ஆண்டுக்குச் சுமார் ஒரு புள்ளியே. எனவே ஒரு நோய் மெல்ல வேலை செய்துகொண்டிருந்தது உறுதி. 1.1 என்பது 1.2 ஆவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆய்வக அறிக்கையிலும் அது தடித்த எழுத்தில் வராது. ஆனால் அந்தச் சிறு ஏற்றத்திற்குப் பின்னால் ஒன்பது புள்ளிகள் போய்விட்டன.

அந்த நோய் எது என்பதற்கும் கடிதத்தில் தடயம் இருந்தது. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. கண் பரிசோதனையில் விழித்திரை பாதிப்பு. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 420 மில்லிகிராம் ஆல்புமின். இது முப்பதுக்குள் இருக்க வேண்டியது. சிறுநீரில் இரத்த அணுக்கள் இல்லை. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அடைப்பு எதுவும் இல்லை. நீரிழிவால் வந்த சிறுநீரக நோய்க்கு இவை அனைத்தும் பொருந்துகின்றன.

ஆனால் 59-இலிருந்து 36-க்கு வந்த கடைசிச் சரிவுக்கு அது பொருந்தவில்லை. நீரிழிவு பொதுவாக இத்தனை வேகமாக இறக்குவதில்லை. குடும்ப மருத்துவருக்கும் அதே ஐயம் எழுந்திருக்கிறது. அவர் நோயாளியிடம் மருந்துச் சீட்டைக் கேட்காமல், வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். (இந்த வழக்கத்தை எல்லா மருத்துவர்களும் கைக்கொண்டால் எங்கள் பணி பாதியாகக் குறையும்.) அந்தப் பையில் யாரும் எழுதித் தராத ஓர் அட்டை இருந்தது. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தாமே வாங்கி, மூன்று வாரங்களாக நாளைக்கு இரண்டு வீதம் அவர் விழுங்கிவந்த டைக்ளோஃபினாக்.

அவருடைய இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றிலேயே டெல்மிசார்ட்டான், சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு என இரு மருந்துகள் இருந்தன. சிறுநீர்ப்பெருக்கி உடலின் நீரைக் குறைக்கிறது. டைக்ளோஃபினாக் சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டான் இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வரத்தும் குறைந்து, வெளியேறும் வழியும் விரிந்தால், வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் உள்ளே நிற்பதில்லை. தனித்தனியே பலருக்குத் தீங்கு செய்யாத இம்மூன்றும் ஒருசேர, அதுவும் ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்தில், இத்தகைய திடீர் வீழ்ச்சியை உண்டாக்கக்கூடும்.

கடிதத்தின் முடிவில் தெளிவான ஒரு கேள்வி இருந்தது: "டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்திவிட்டேன். பொட்டாசியம் 5.3 இருக்கிறது. டெல்மிசார்ட்டானையும் நிறுத்தலாமா?" இப்படி ஒரு கேள்வியோடு வரும் கடிதம், 'மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறேன்' என்ற ஒற்றை வரியைவிடப் பன்மடங்கு பயனுள்ளது.

தற்காலிகமாக நிறுத்துவோம் என்று முடிவு செய்தோம். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் தந்தோம். மெட்ஃபார்மின் அளவைப் பாதியாக்கினோம். பத்து நாட்களுக்குப் பின் கிரியாட்டினின் 1.6-க்கு இறங்கியது, இ.ஜி.எஃப்.ஆர். 50. அதாவது, இழந்ததில் பெரும்பகுதி திரும்பியது; முழுவதும் திரும்பவில்லை. 59 இனி வருமா என்று மகள் கேட்டார். வராது என்றே நினைக்கிறோம் என்று கூறினோம். டயாலிசிஸ் பற்றி இப்போது பேசவேண்டிய தேவையே இல்லை என்றும் கூறினோம்.

அதன்பின் டெல்மிசார்ட்டானை, சிறுநீர்ப்பெருக்கி சேராத தனி மாத்திரையாக, மீண்டும் தொடங்கினோம். இங்கேதான் பல குடும்பங்கள் எங்களோடு வாதிடுகின்றன: "கெடுத்த மருந்தையே திரும்பத் தருகிறீர்களே!" ஆல்புமின் இந்த அளவில் ஒழுகும்போது அதைக் குறைத்து, வரும் ஆண்டுகளின் சரிவைத் தணிப்பது அம்மருந்துதான். தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறும். முப்பது சதவீதத்திற்குள் ஏறினால் அதை ஏற்றுக்கொண்டு தொடர்கிறோம். இவருக்கு இரண்டு வாரத்தில் 1.6 என்பது 1.7 ஆயிற்று, பொட்டாசியம் 5.0. இ.ஜி.எஃப்.ஆர். 46 என்று அச்சாகி வந்ததைக் கண்டு அவர் முகம் வாடியது. இந்த இறக்கம் நாங்கள் எதிர்பார்த்ததே என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தவறிவிட்டோம்.

கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பொட்டாசியம் 6-ஐ எட்டினாலோ, உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

பதில் கடிதத்தில் குடும்ப மருத்துவருக்கு நாங்கள் எழுதியவை: முழங்கால் வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் தங்களிடம் கேட்டு டெல்மிசார்ட்டானையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைத்து, உணவும் நீரும் இயல்பானதும் மீண்டும் தொடங்கவேண்டும். மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினின், பொட்டாசியம், காலைச் சிறுநீரில் ஆல்புமின் பார்த்து, முந்தைய எண்களின் கீழேயே எழுதி அனுப்புங்கள். அதன் ஒரு படியை நோயாளியிடமும் கொடுத்தோம். அவர் அதை மாத்திரைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.