கார்டு விலை கேட்டு ஒரு கடிதம்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் உறுதியானால், நாள் குறித்த கையோடு சிரம்பான் அச்சகத்துக்குப் போன் போகிறது. "கார்டு ஒன்னு எவ்வளவுங்க?" அவர் ஒரு விலை சொல்வார், அடுத்த அச்சகம் வேறு விலை சொல்லும். குறைந்ததைப் பிடித்துக்கொள்கிறோம். பில் வரும்போது தொகை கூடியிருக்கிறது. அச்சகத்தார் ஏமாற்றிவிட்டார் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. எந்தத் தாள், எத்தனை நிறம், எத்தனை கார்டு என்ற மூன்றும் தெரியாமல் யாராலும் சரியான விலை சொல்ல முடியாது. அதனால் எழுதியே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது கடிதமாகவே இருக்கட்டும். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆப்செட் அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட் வேண்டும். பிளேட்டை எந்திரத்தில் மாட்டி, மை சரியாக இறங்கி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காரும்வரை தாள்களை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தாள்கள் கழிவுதான். நீங்கள் 100 கார்டு கேட்டாலும் 1,000 கேட்டாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றே. அதற்குப் பிறகு கார்டுக்குக் கார்டு கூடுவது தாள், மை, மடிப்பு, உறை ஆகியவைதான். ஆக விலைக்குள் இரண்டு தொகை ஒளிந்திருக்கிறது. ஒன்று எந்திரம் ஓடத் தொடங்குவதற்கான தொகை, மற்றது ஒவ்வொரு கார்டுக்குமான தொகை. அச்சகத்தார் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைச் சொல்வதும் முதல் தொகையை ஈடுகட்டத்தான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, இரண்டு எண்ணிக்கைக்கு விலை கேட்பது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 300 கார்டென்றால் ஒன்று 1 வெள்ளி 90 காசு, 500 என்றால் 1 வெள்ளி 30 காசு. மொத்தம் முறையே 570 வெள்ளி, 650 வெள்ளி. கூடுதலான 200 கார்டுக்கு 80 வெள்ளிதான் ஏறியிருக்கிறது, அதாவது கார்டுக்கு 40 காசு. 300 கார்டுக்கு அந்தக் கணக்கில் 120 வெள்ளி போக, மீதி 450 வெள்ளி தொடக்கச் செலவு. இப்போது 400 கார்டு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்: 450 கூட்டல் 160, மொத்தம் 610 வெள்ளி.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பகாவிலும் நீலாயிலும் விட்டுப்போன சொந்தங்கள் நினைவுக்கு வந்து, இன்னும் 50 கார்டு வேண்டும் என்று போய் நின்றால் கணக்கு மறுபடி தொடக்கச் செலவிலிருந்து வரும். முதலிலேயே சேர்த்து அடித்திருந்தால் அந்த 50 கார்டுக்கு 20 வெள்ளிதான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனவர்களைத் தேடிப் பட்டியல் போடும் வீடுகளில் இது பெரும்பாலும் நடக்கிறது. தலைக்கு ஒன்றாக இல்லாமல் குடும்பத்துக்கு ஒன்றாக எண்ணி, அதற்குமேல் கொஞ்சம் வைத்துக் கேளுங்கள்.

சின்ன எண்ணிக்கை என்றால் டிஜிட்டல் அச்சையும் கேட்கலாம். அதில் பிளேட் கிடையாது. கார்டுக்கு ஒரே விலை, எண்ணிக்கை கூடினாலும் அதிகம் இறங்காது. மேலே சொன்ன அதே பேச்சில், டிஜிட்டல் கார்டு 1 வெள்ளி 80 காசு என்றால் ஏறக்குறைய 320 கார்டுவரை டிஜிட்டல் மலிவு, அதற்குமேல் ஆப்செட் மலிவு.

நிறத்துக்கு வருவோம். படத்தோடு கூடிய முகப்புக்கு நான்கு மை. உள்ளே எழுத்து மட்டும் என்றால் ஒரு மை போதும். அச்சகத்தார் இதை நான்கு கூட்டல் ஒன்று என்பார்கள். உள்பக்க எழுத்தை ஒரே மையில் வைக்கச் சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. எழுத்தையே நான்கு மையைக் கலந்து அடித்தால், அச்சு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிற நிழல் விழும். நம் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் அதில் அடைபடும். பெயரில் மெய்யின் புள்ளி காணாமல் போனால் பெயரே மாறிவிடும். பளபளக்கும் பொன்னிறம் இந்த நான்கு மையில் வரவே வராது. அதற்குத் தனி மையோ, சூடாக்கி ஒட்டும் பொன்தாளோ வேண்டும். அதன் விலையைத் தனி வரியாகக் கேளுங்கள்.

பெண் வீட்டார் அழைப்பதாக ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் அழைப்பதாக ஒன்று என்று இரண்டு கார்டு அடிப்பது நம் வழக்கம். இரண்டு வீடும் இரண்டு அச்சகம் போனால் தொடக்கச் செலவு இரண்டு முறை. ஒரே அச்சகத்தில் கொடுத்தால் முகப்பு பொது. உள்ளே ஒரு மை என்பதால் ஒரே ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். சம்பந்திகள் முதல் பேச்சிலேயே இதை முடிவு செய்துகொள்வது நல்லது.

தாளை "நல்ல தாள்" என்று எழுதாதீர்கள், ஜிஎஸ்எம் எண்ணை எழுதுங்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். கார்டுக்கு 260 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு கேட்கலாம். இவ்வளவு தடித்த தாளை அழுத்துக்கோடு போடாமல் மடித்தால் மேல்பூச்சு வெடிக்கும். குங்கும நிற முகப்பாக இருந்தால் மடிப்பில் வெள்ளைக் கீறல் தெரியும். மாதிரித் தாள் வந்ததும் இரண்டு மூன்று முறை மடித்து விரித்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வீடென்றால் இன்னொன்று: பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கார்டில் மஞ்சள் ஊறாது, காய்ந்ததும் உதிர்ந்து உறையைக் கறையாக்கும். மஞ்சள் முக்கியம் என்றால் படலம் வேண்டாம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழுக்கு விலை கேட்டு எழுதுகிறோம். அளவு: விரித்தால் ஏ4, மடித்தால் ஏ5. தாள்: 260 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, அதோடு பூச்சில்லாத தடித்த தாளுக்கும் தனி விலை. நிறம்: முகப்பு நான்கு, உள்ளே கறுப்பு மட்டும். பொன்னிறம் சேர்த்தால் கூடுதல் எவ்வளவு? எண்ணிக்கை: 300, 500 இரண்டுக்கும் கார்டு ஒன்றின் விலை. உங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை என்ன? உள்பக்க எழுத்தை மட்டும் மாற்றி இரண்டு விதமாக அடிக்க எவ்வளவு கூடும்? அழுத்துக்கோடு, மடிப்பு, உறை, வடிவமைப்பு ஆகியவை விலையில் அடங்குமா? மெய்ப்பு எத்தனை முறை திருத்தலாம்? எங்கள் ஒப்புதலுக்குப் பிறகு எத்தனை நாளில் கிடைக்கும்? முன்பணம் எவ்வளவு? தாள் மாதிரியும் முன்பு அடித்த கார்டு ஒன்றும் பார்க்கத் தரவும். நன்றி."

அச்சகம் சீனருடையதோ மலாய்க்காரருடையதோ என்றால் இதையே மலாயில் எழுதிக்கொடுங்கள், எண்கள் மாறப்போவதில்லை. இரண்டு மூன்று அச்சகங்களுக்கு ஒரே கடிதத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்புங்கள். அப்போதுதான் வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஒருவர் உறையைச் சேர்த்திருப்பார், ஒருவர் சேர்த்திருக்கமாட்டார். விலை மிகவும் இறங்கியிருந்தால் முதலில் அந்த இடத்தைத்தான் பாருங்கள்.

மெய்ப்பு கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் தெரியாதவர் பழைய வடிவமைப்பு மென்பொருளில் நம் எழுத்தை ஒட்டும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும், துணையெழுத்துகளும் சிதறும். அனுப்பியவர் போனில் சரியாகத் தெரிந்தது அவர் திரையில் அப்படி இருக்காது. ஆகவே மெய்ப்பைப் பிடிஎஃப் கோப்பாகவோ தாளிலோ வாங்கி, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த இருவர் தனித்தனியாகப் பார்க்கட்டும். ஒருவர் பெயர்களை மட்டும் பார்க்கட்டும், மற்றவர் தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டப முகவரி ஆகியவற்றை மட்டும் பார்க்கட்டும். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை எடுத்துவைத்து ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் எழுதிக்கொடுங்கள். ஒப்புதல் கொடுத்தபின் கண்டுபிடிக்கும் பிழைக்குப் பிளேட் செலவும் தாள் செலவும் உங்களுடையவை.