ஓதம் ஏறிய சுவரும் ஓனருக்கு ஒரு மின்னஞ்சலும்

வாடகை வீட்டில் ஏதாவது பழுதானால் முதலில் ஓனருக்கு போன் செய்வோம். "ஆளை அனுப்புறேன்" என்பார். ஒரு வாரம் கழித்து மறுபடி பேசினால், "பிளம்பர் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் அனுப்புறேன்" என்பார். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடும். அதற்குள் எந்தத் தேதியில் என்ன சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்பது இரு பக்கமும் மங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் பண்டிகை வாழ்த்துகளுக்கு நடுவே எங்கோ கிடக்கும். கடைசியில் வாடகைதாரர் கையில் மிஞ்சுவது கோபம் மட்டும்தான். மூன்றாவது மனிதர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பதிவு எதுவும் இருக்காது. அந்தப் பதிவை உண்டாக்குவதுதான் தேதி குறித்து எழுதும் ஒரு மின்னஞ்சலின் வேலை.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்ட ரீதியாகவும் எடை உண்டு. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. பொறுப்பை உரிமையாளர் தட்டிக் கழித்தால் என்ன செய்யலாம் என்பதை 15-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே வாடகைதாரர் எழுத்து மூலம் கேட்டாரா என்பது முக்கியமான கேள்வி.

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 18,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறது. ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது. பெயின்ட் உப்பிப் பொருக்காகி உதிர்கிறது. ஈரம் மெல்லப் பரவி சுவிட்ச் போர்டை நெருங்கிவிட்டது. இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தச் சுவரைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைப் பொறுத்தே பொறுப்பு யாருடையது என்பதும் தீர்மானமாகும். குழாயின் வாஷர் தேய்ந்து சொட்டினால், வாஷ்பேசின் ஒழுகினால், கழிவுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் அதெல்லாம் அட்டவணைப்படி வாடகைதாரர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. சுவருக்குள் போகும் பைப்பை மாற்றுவது, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், வயரிங் வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமா என்பதையும் எடுத்துப் படித்துவிட வேண்டும்.

மூலத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதுங்கள். பிறகு சில நாள் அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். பைப்பில் மட்டும் தண்ணீர் வழக்கம்போல் நிற்கட்டும். அப்போதும் ஈரம் கோட்டைத் தாண்டி வளர்ந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் கன்சீல்டு பைப்பில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் வளராமல் நின்று மெல்லக் காயத் தொடங்கினால் கழிவுநீர்ப் பைப்பிலோ தரை டைல்ஸ் இணைப்புகளிலோ கோளாறு இருக்கலாம். மழைக்குப் பின் மட்டும் ஈரம் கூடினால் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும். பிளம்பர் வந்தால் பைப்பில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் கருவியின் முள் இறங்கினால் கசிவு உறுதி. அவர் கண்டதை, தேதியுடன், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு மதிப்பீடும் அதிலேயே இருக்கட்டும்.

சுவிட்ச் போர்டு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. ஈரம் அதைத் தொட்டுவிட்டால் அந்த இணைப்பை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள். சுவிட்சும் பிளக் பாயின்ட்டும் வாடகைதாரர் பொறுப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆகவே ஈரத்தால்தான் அது கெட்டது என்பதை மின்னஞ்சலில் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னாளில் அது தனிப் பழுதாகி, செலவு உங்கள் தலையில் விழும்.

இப்போது மின்னஞ்சல். அந்தக் குடும்பம் இப்படி எழுதலாம்:

பொருள்: அடுக்ககம் 2-சி, படுக்கையறைச் சுவர்க் கசிவு: 9.6.2025 முதல் நிலுவையில் உள்ள பழுது, 1.8.2025-க்குள் வேலை தொடங்கக் கோரிக்கை

வணக்கம் சார்,

பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் உள்ள கசிவு பற்றி இதுவரை நடந்ததைத் தேதி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

9.6.2025: சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரத்தை முதலில் பார்த்தோம்.
10.6.2025: படங்களுடன் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். அன்றே "பார்க்கிறேன்" என்று பதில் அனுப்பினீர்கள்.
14.6.2025: போனில் பேசினோம். அடுத்த வாரம் பிளம்பரை அனுப்புவதாகச் சொன்னீர்கள்.
22.6.2025: நீங்கள் அனுப்பிய பிளம்பர் வந்து பார்த்தார். சுவருக்குள் உள்ள பைப் கசிகிறது என்றும், டைல்ஸை உடைத்து மாற்ற ரூ.14,500 ஆகும் என்றும் எழுதிக் கொடுத்தார்.
30.6.2025: வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினேன். பதில் வரவில்லை.
18.7.2025: ஈரம் சுவிட்ச் போர்டை எட்டியது. எலக்ட்ரீஷியன் ஆலோசனைப்படி அந்த இணைப்பை அணைத்து வைத்திருக்கிறோம். அன்று முதல் அந்த அறையில் யாரும் படுப்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது: 1.8.2025-க்குள் பைப்பை மாற்றும் வேலையைத் தொடங்கி, சுவர்ப்பூச்சையும் அந்தப் போர்டின் வயரிங்கையும் 10.8.2025-க்குள் முடித்துத் தர வேண்டும். வேலைக்கு ஆள் வரும் நாளை முந்தைய நாளே சொன்னால் வீட்டில் இருப்பேன். எந்த நாளில் ஆள் வருவார் என்பதை 25.7.2025-க்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தெரிவியுங்கள்.

ஜூலை மாத வாடகை உட்பட எல்லா வாடகையும் உரிய தேதியில் செலுத்தப்பட்டுள்ளது. படங்கள், பிளம்பரின் மதிப்பீடு, எலக்ட்ரீஷியனின் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

நன்றி.

இதில் "எவ்வளவு நாளா சொல்றோம்" என்ற வாக்கியம் எங்கும் இல்லை. தேதிகளே அதைச் சொல்லிவிடுகின்றன. ஓனர் உண்மையாகவே செய்ததும் இருக்கிறது. அவர் பதில் போட்டார், பிளம்பரை அனுப்பினார். அதை மறைத்தால் அவர் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். பிறகு மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும். எழுதியவர் நேராகப் பார்த்ததும், பிளம்பர் சொன்னதும், ஓனர் வாக்குக் கொடுத்ததும் தனித்தனியே யார் வாய்மொழி என்று தெரியும்படி நிற்கின்றன.

கோரிக்கைப் பகுதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால், செய்தாரா இல்லையா என்பதை யாராலும் முடிவு செய்ய முடியாது. பைப், பூச்சு, வயரிங் என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டதால், பெயின்ட் மட்டும் அடித்துவிட்டு முடிந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. பதிலுக்கு ஒரு தேதி, தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. இவற்றில் ஏதாவது தவறினால் அன்றே தெரிந்துவிடும். கெடுவும் நியாயமாக இருக்க வேண்டும். டைல்ஸ் உடைக்கும் வேலைக்கு இரண்டு நாள் கெடு கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும்.

மின்னஞ்சல் போனதும் ஓனர் பெரும்பாலும் போனில்தான் பேசுவார். பேசுங்கள், நல்லபடியாகவே பேசுங்கள். ஆனால் அன்று மாலையே அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக, "இன்று பேசியபடி 29-ஆம் தேதி ஆள் வருவார் என்று சொன்னீர்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். தொலைபேசிப் பேச்சும் அப்போது பதிவாகிவிடுகிறது.

கெடு தாண்டினால்? முதலில் அதையே குறித்து ஒரு சிறு மின்னஞ்சல். அதன் பிறகு சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. உரிமையாளர் தன் பொறுப்பில் உள்ள வேலையைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. இந்தக் குடும்பத்துக்கு அது 9,000 ரூபாய். 14,500 ரூபாய் வேலை அதற்குள் அடங்காது. ஆகவே சுவரை உடைக்கும் முன் வாடகை அதிகாரியையோ வழக்கறிஞரையோ கேட்டுக்கொள்வது நல்லது. வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய், எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம். இந்தச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இருந்தால் மின்னஞ்சலிலும் குறிப்பிடலாம்.

செய்யக் கூடாதது, கோபத்தில் வாடகையை நிறுத்துவது. வாடகை பாக்கி, காலி செய்யச் சொல்வதற்குச் சட்டமே ஒப்புக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பேச்சு சுவரை விட்டு பாக்கிக்குத் திரும்பிவிடும். வாடகை செலுத்தப்பட்டுள்ளது என்ற வரி அந்த மின்னஞ்சலில் இருப்பது அதற்காகத்தான்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு மின்னஞ்சல் பாக்கி இருக்கிறது. என்ன மாற்றினார்கள், எந்தத் தேதியில் முடிந்தது, என்ன விடுபட்டது என்று நான்கு வரி எழுதி, நன்றி சொல்லி, புதுச் சுவரின் படத்தை இணைத்து அனுப்புங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் ஓனர் சுவரின் பழைய தழும்பைக் காட்டி அட்வான்ஸில் பிடித்தம் செய்ய முயன்றால், அது எப்படி வந்தது, யார் பொறுப்பு, எப்போது தெரிவிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த மின்னஞ்சல் தொடரில் வரிசையாக இருக்கும்.