ஆற்றல் பைல்கள்: வெப்பச் சுழற்சியும் தாங்குதிறனும் – அடி அண்ணாமலை நிலத்தை முன்வைத்து

கட்டடச் சுமையை நிலத்திற்குள் இறக்கும் காங்கிரீட் பைலின் கம்பிக்கூட்டில் நெகிழிக் குழாய்களைக் கட்டி, அவற்றில் நீரைச் சுழலவிட்டு, வெப்ப பம்பின் துணையால் நிலத்தோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பே ஆற்றல் பைல் ஆகும். இதனால் சுமை தாங்கும் உறுப்பே சூடாகிக் குளிரவும் நேர்கிறது.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 1998இல் இது நேரடியாக ஆராயப்பட்டது. பைலின் நீளம் 25.8 மீட்டர், விட்டம் 88 சென்டிமீட்டர். மேலே கட்டடம் எழும்புவதற்கு முன் அது சுமார் 21 பாகை சூடாக்கப்பட்டது. தடையின்றி விரிந்திருந்தால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீண்டிருக்கும். ஆனால் தலைப்பகுதி ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே உயர்ந்தது. எஞ்சிய விரிவின் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணின் உராய்வு தடுத்தது. தடுக்கப்பட்ட விரிவு மறைந்துவிடுவதில்லை. பைலுக்குள் அழுத்த விசையாகத் தங்குகிறது.

சூடாகும் பைல் அதன் நடுவே அசையாத ஒரு புள்ளியிலிருந்து மேலும் கீழுமாக விரிகிறது. மேற்பகுதி எழ முயலும்போது மண் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. குளிரும்போது திசைகள் மாறுகின்றன: மேற்பகுதி தாழ்கிறது, அழுத்தம் குறைகிறது, சுமை குறைந்த கீழ்ப்பகுதியில் இழுவிசைகூடத் தோன்றலாம். உராய்வை மட்டும் நம்பி நிற்கும் பைலில் இச்சுழற்சி மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால், தலைப்பகுதி ஒவ்வொரு முறையும் பழைய இடத்திற்கு முழுமையாகத் திரும்புவதில்லை. தாங்குதிறனின் எல்லையை நெருங்கிய சுமை இருக்குமாயின் இவ்வமிழ்வு கூடிக்கொண்டே போகும். போதிய பாதுகாப்புக் காரணியுடன் வடிவமைத்தால் சில சுழற்சிகளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அண்ணாமலையின் அடிவாரத்தில் சிக்கல் வேறு. அடி அண்ணாமலையில் ஒரு விடுதிக்காக 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள பைல் 10 மீட்டர் ஆழத்தில் பாறைமேல் நிற்பதாகக் கொள்ளலாம். குளிரூட்டலால் அது 15 பாகை சூடானால் தடையற்ற விரிவு 1.5 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் கீழே பாறையும் மேலே விறைப்பான கட்டடமும் முழுமையாகத் தடுத்தால், எம்30 காங்கிரீட்டில் சதுர மில்லிமீட்டருக்கு 4.1 நியூட்டன் தகைவும், மொத்தம் சுமார் 1,160 கிலோநியூட்டன் விசையும் எழும். ஐ.எஸ். 456 வேலைத் தகைவு முறையில் அந்தக் காங்கிரீட்டின் நேரடி அழுத்தத்திற்கு அனுமதிக்கும் 8 நியூட்டனில் இது பாதிக்கும் மேல். முழுத் தடை என்பது உச்ச எல்லை. மெய்யான மதிப்பு அதற்குக் குறைவாகவே அமையும். எனினும் இங்கு அமிழ்வைவிடக் காங்கிரீட்டின் தகைவையே முதலில் சரிபார்க்க வேண்டும்.

லொசானில் கோடையில் நிலத்திற்குள் விடும் வெப்பத்தைக் குளிர்காலம் திரும்ப எடுத்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் அத்தகைய குளிர்காலம் இல்லை. வெப்பம் ஒரே திசையில் செல்வதால், நிலத்தடி நீரோட்டம் குறைந்த இடங்களில் பைலைச் சுற்றிய மண்ணின் வெப்பநிலை ஆண்டுதோறும் ஏறும். கணக்கில் கொண்ட 15 பாகை நிலைத்திருக்குமா என்பது, இரவில் திறந்தவெளிக் குளிர்விப்புக் கோபுரத்தின்வழி எவ்வளவு வெப்பம் வெளியேற்றப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.